ஆளுக்குப் பாதி என்று கயிறு கட்டுமுன்: எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரியவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நீங்கள் சொன்ன தீர்ப்பைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மேலண்டை முந்திரித் தோப்புக்காரருக்கும் கீழண்டைத் தோப்புக்காரருக்கும் நடுவில் இருக்கும் வேலி, படத்தில் இருக்கிற கோட்டை விட்டு 2.1 மீட்டர் தள்ளி இருக்கிறதாம். பங்காளிகளுக்குள் கோர்ட்டு, கச்சேரி வேண்டாம், ஆளுக்குப் பாதியாக விட்டுக்கொடுங்கள் என்று சொல்லி, வேலிக்குக் கிழக்கே ஒரு மீட்டர் சொச்சத்தில் முளையும் அடித்துவிட்டீர்கள். நல்ல மனசோடு சொன்ன தீர்ப்பு. எனக்கும் அன்றைக்கு எழுந்து பேச வாய் வரவில்லை. மனசு கேட்காமல் மறுநாள் இரண்டு வீட்டாரிடமும் சம்மதம் கேட்டு, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேரை நாடா பிடிக்கச் சொல்லி நானே அளந்து பார்த்தேன். 29 வருஷம் நில அளவராக இந்த மாவட்டத்துச் செம்மண்ணில் அலைந்தவன் என்பதால் கேட்டதும் கொடுத்தார்கள். அந்த அளவைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன். பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் இதே தகராறு இல்லாத ஊர் எது?

முதலில் அந்த 2.1 மீட்டர் எப்படி வந்தது என்று பார்க்கலாம்.

மேலண்டை வீட்டார் அழைத்து வந்த தனியார் அளவையாளர், eservices.tn.gov.in தளத்தில் புலப்படத்தை எடுத்து வந்தார். எப்.எம்.பி. என்று நாம் சொல்வோமே, அதுதான். படத்தில் பிழை இல்லை. வடக்கு வரப்பில், வடமேற்கு மூலைக் கல்லிலிருந்து 61.0 மீட்டரில் இரண்டு உட்பிரிவுக்கும் நடுக்கல் என்று எழுதியிருக்கிறது. அவர் நாடாவின் நுனியை எங்கே வைத்தார்? தார்ச்சாலை ஓரத்தில் இருக்கிற கம்பி வேலியில் வைத்தார். ஏன் என்று கேட்டேன். பத்திரத்தில் மேற்கு எல்லை பஞ்சாயத்துப் பாதை என்று இருக்கிறது, பாதை இதோ இருக்கிறது என்றார்.

பாதை இருக்கிறது. ஆனால் பத்திரம் எழுதின நாளில் அது வண்டிப் பாதை. தார் போட்டபோது வடக்கு வளைவை நிமிர்த்தினார்கள் என்பது மண்டபத்தில் இருந்த பாதிப் பேருக்குத் தெரியும். அந்த வளைவில் இருந்த மூலைக்கல் சாலைக்கு அடியிலோ ஓரத்து மண்ணுக்குள்ளோ போய்விட்டது. சாலை உள்ளே வந்த அளவுக்கு நாடாவின் தொடக்கமும் உள்ளே வந்துவிட்டது. அங்கிருந்து சரியாகத்தான் 61 மீட்டர் அளந்தார். தொடங்கின இடம் தப்பு என்பதால் முடிகிற இடமும் அதே அளவு கிழக்கே தள்ளிப்போனது.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, ஒரு கல்லிலிருந்து அளந்து நிறுத்தாதே, எதிர்க்கல் வரைக்கும் போய்ச் சேர் என்பதுதான். வடக்கு வரப்பு முழு நீளமும் படத்தில் 124.0 மீட்டர். சாலை வேலியிலிருந்து வடகிழக்குக் கல் வரைக்கும் நாங்கள் இழுத்தோம். 121.7 தான் வந்தது. 2.3 மீட்டரைக் காணோம். அது நடுவேலியில் தொலைந்ததா, சாலையில் தொலைந்ததா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே தொலைந்ததை ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டுவிட்டோம்.

கிழக்கிலிருந்து திருப்பி அளந்தேன். நடுக்கல்லுக்கு வடகிழக்குக் கல்லிலிருந்து 63.0 இருக்க வேண்டும். இப்போது இருக்கிற வேலி 62.8-ல் நிற்கிறது. அதாவது வடக்கு முனையில் வேலிக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சாண் அளவு, 20 சென்டிமீட்டர். அதுவும் வேலி கீழண்டை நிலத்துக்குள்தான் நிற்கிறது. மேலண்டைக்காரர் 2.1 மீட்டர் போய்விட்டது என்கிறார். வடக்கு முனையில் அவருக்கு ஒரு சாண் கூடுதலாகத்தான் இருக்கிறது.

வடகிழக்குக் கல் மட்டும் எப்படிச் சரி என்று யாராவது கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் நான் சொல்வதையும் நம்பாதீர்கள். கல் நின்றால் மட்டும் போதாது. டிராக்டர் இடித்துச் சாய்ந்த கல்லை யாரோ நிமிர்த்தி அரை மீட்டர் தள்ளி நட்டிருக்கலாம். அதனால் ஒரு கல்லுக்கு இன்னும் இரண்டு கல்லாவது சாட்சி சொல்ல வேண்டும். வடகிழக்கிலிருந்து தென்கிழக்கு, பனைமரத்துக்குப் பக்கத்துக் கல் வரை படத்தில் 91.0. எங்களுக்கும் 91.0 வந்தது. தென்மேற்குக் கல்லைத்தான் காணோம் என்றார்கள். கிளுவைப் புதருக்குள் அது புதைந்திருக்கும் என்று எனக்குப் பட்டது. படத்தில் தெற்கு வரப்பு 118.6. அந்த அளவை இழுத்து, முடிகிற இடத்தில் கடப்பாரையால் குத்திப் பார்க்கச் சொன்னேன். முழங்கால் ஆழத்தில் டங் என்று தட்டியது. தலையில் குறி வெட்டின பழைய கருங்கல், அசையாமல் இருந்தது. பிள்ளைகளுக்குப் புதையல் எடுத்த சந்தோஷம். எனக்கும்தான்.

அந்தக் கல்லிலிருந்து குறுக்காக வடகிழக்குக் கல்லுக்கு இழுத்தோம். படத்தில் புலத்தை முக்கோணங்களாக வெட்டிப் போகிற ஒரு கோடு இருக்கும், ஜி லைன் என்போம். நம் பழைய அளவை முறையின் உயிர் அதில்தான் இருக்கிறது. நாலு பக்கமும் சரியாக இருந்தாலும் நிலம் சாய்சதுரமாக நழுவியிருக்கலாம், குறுக்குக் கோடும் சரியாக இருந்தால் நழுவ முடியாது. படத்தில் 151.8, எங்களுக்கு 151.7. அந்த நீளத்துக்குச் செடிகொடிக்கு நடுவே இழுத்த நாடாவில் பத்து சென்டிமீட்டர் பெரிய விஷயமில்லை. மூன்று கல்லும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிவிட்டன. வடகிழக்கிலிருந்து 124.0, தென்மேற்கிலிருந்து 91.0 என்று இரண்டு நாடாவையும் ஒன்றாகச் சேர்த்தால் அவை சந்திக்கிற இடம்தான் காணாமல் போன வடமேற்கு மூலை. அது சாலையோரத் திட்டில், இப்போதைய கம்பி வேலிக்கு மேற்கே 2.3 மீட்டரில் விழுகிறது. காணாமல் போன அளவு அங்கேதான் இருந்தது.

இனி மேலண்டைக்காரரின் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். அது பொய் இல்லை. பட்டாவில் அவருக்கு 133 சென்ட். வேலிக்கும் சாலைக்கும் நடுவில் இருப்பதை அளந்தால் 131 சொச்சம்தான் வருகிறது. வடக்கில் 2.3 மீட்டரில் தொடங்கி, தென்மேற்குக் கல்லில் ஒன்றுமில்லாமல் முடிகிற ஒரு நீள முக்கோணத்தைச் சாலை எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 105 சதுர மீட்டர், இரண்டரை சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. அவர் இழந்தது அது. ஆனால் அவர் பங்காளியிடம் கேட்டது 2.1 மீட்டர் அகலத்தில் 91 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட 4.7 சென்ட். குறைவது இரண்டு சென்ட்டுக்குள், கேட்பது நாலே முக்கால் சென்ட். கேட்டதைக் கொடுத்திருந்தால் அவர் நிலம் பட்டாவைத் தாண்டி 136-க்குப் போயிருக்கும். மண்டபத்திலேயே ஒருவர் இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டிருந்தால் கோடு எங்கோ தப்பு என்று தெரிந்திருக்கும்.

இந்த 2.1 மீட்டர் தெற்கு வரைக்கும் எப்படிப் போனது? அங்கே கிளுவை அடர்ந்து கிடந்ததால் அந்த அளவையாளர் நாடாவைக் கொண்டுபோகவில்லை. வடக்கில் கிடைத்த வித்தியாசத்தையே தெற்கிலும் வைத்துக் கயிறு கட்டிவிட்டார். அவரை ரொம்பத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் நானும் ஒரு கூத்து அடித்தேன். பழைய படம், அளவெல்லாம் லிங்கில் இருந்தது. ஐந்து லிங்க் ஒரு மீட்டர் என்று மனக்கணக்குப் போட்டு, 300 லிங்குக்கு 60 மீட்டரில் கல்லை நட்டுவிட்டேன். பழைய சங்கிலி 66 அடி, அதில் நூறு லிங்க், ஒரு லிங்க் 20.12 சென்டிமீட்டர். 300 லிங்க் என்றால் 60.35 மீட்டர். ஒன்றரைச் சாண் அளவு ஒரு குடும்பத்துக்குக் குறைத்துவிட்டேன். மேலதிகாரி வந்து கல்லைப் பிடுங்கி நட்டபோது ஊரே நின்று பார்த்தது. அன்றிலிருந்து எதிர்க்கல் வரைக்கும் போகாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

தெற்கு முனையில்தான் உண்மையான தகராறு இருக்கிறது. அதை யாருமே பேசவில்லை என்பதுதான் வேடிக்கை. தென்கிழக்குக் கல்லிலிருந்து 61.4-ல் இருக்க வேண்டிய வேலி 60.3-ல் இருக்கிறது. 1.1 மீட்டர் கீழண்டை நிலத்துக்குள் போயிருக்கிறது. வடக்கிலிருந்து நேராக வருகிற வேலி, தெற்கு வரப்புக்கு 40 மீட்டர் இருக்கும்போது ஒடிகிறது. ஒடிகிற இடத்தில் மட்கிப்போன ஒரு பலா அடிமரம் கிடக்கிறது. பார்த்ததுமே புரிந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடிகாலை தானே புயல் அடித்ததே, அப்போது சாய்ந்த மரம் அது. முந்திரியும் பலாவும் வேரோடு கிடந்த அந்த மாசத்தில் வேலியைப் படம் பார்த்தா கட்டினோம்? ஆடு மாடு நுழையாமல் இருந்தால் போதும் என்று கிடைத்த கம்பத்தை, மரம் மறிக்காத இடத்தில் நட்டோம். விழுந்த மரத்தைச் சுற்றிக் கிழக்கே போன வேலி திரும்பி வரவே இல்லை. நம் பக்கத்தில் வேலி எங்கெல்லாம் காரணமில்லாமல் ஒடிகிறதோ அங்கெல்லாம் ஒரு அடிமரத்தைத் தேடுங்கள் என்று சொல்வேன்.

ஒடிந்த இடத்திலிருந்து தெற்கு வரைக்கும் இப்படிக் கீழண்டையில் போனது சுமார் 26 சதுர மீட்டர், முக்கால் சென்ட்டுக்கும் குறைவு. நியாயமாகப் பார்த்தால் மேலண்டைக்காரர் பங்காளியிடம் கேட்க ஒன்றும் இல்லை, கொடுக்கத்தான் இருக்கிறது. நீங்கள் அடித்த முளையோ கீழண்டையிலிருந்து இன்னொரு மீட்டரை எடுக்கிறது.

மண்டபத்தில் ஒரு தம்பி கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, கோடு இங்கே போகிறது பாருங்கள் என்றார். தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. கையில் இருக்கிற போன் திறந்த வெளியிலேயே மூன்று, நாலு மீட்டர் தப்பாகச் சொல்லும், முந்திரி நிழலுக்குள் இன்னும் மோசம். இரண்டு மீட்டர் தகராறை அதை வைத்துத் தீர்க்க முடியாது. அதேபோல இணையத்தில் எடுத்த புலப்படத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளப்பதும் கூடாது. பிரவுசிங் சென்டரில் தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கி அச்செடுத்துவிடுவார்கள், ஓரத்தில் போட்டிருக்கிற அளவுத்திட்டம் அப்புறம் செல்லாது. கோட்டின் மேல் எழுதியிருக்கிற எண்ணை மட்டும் படியுங்கள்.

நான் அளந்ததற்கு அதிகார மதிப்பு எதுவும் இல்லை. ஓய்வு பெற்ற கிழவன் ஒருவன் நாடா பிடித்தான், அவ்வளவுதான். அதனால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரே மனுவாக அரசு அளவைக்கு எழுதிப் போடட்டும். tamilnilam.tn.gov.in/citizen வழியாகவோ இ-சேவை மையத்திலோ போடலாம். சேர்ந்து போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவர் மட்டும் போட்டால் அளக்கிற நாளில் மற்றவர் வெளியூர் போய்விடுவார், பிறகு எனக்குத் தெரியாது என்பார். அளவர் வருகிற நாளில் நாலு பக்கத்து நிலத்துக்காரர்களும் நிற்க வேண்டும், பாதைக்காகப் பஞ்சாயத்திலிருந்தும் ஒருவர் இருந்தால் நல்லது. புதரை முன்னாடியே வெட்டி வையுங்கள். தென்மேற்குக் கல்லைச் சுற்றித் தோண்டி, கல்லை அசைக்காமல் திறந்து வையுங்கள். எந்தக் கல்லிலிருந்து தொடங்கினார், எதிர்க்கல் வரை எவ்வளவு வந்தது, குறுக்களவு எவ்வளவு வந்தது என்ற மூன்றையும் அவர் தருகிற தாளில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எழுதித் தருவார்கள். இந்த மூன்றும் இல்லாத தாளை வைத்து அடுத்த அளவர் வந்தால் வேறு கோடு போடுவார், அதற்கடுத்தவர் இன்னொன்று போடுவார். மூன்று தடவை அளந்து மூன்று கோடு வாங்கிவைத்திருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அளவர் காட்டுவது படத்தில் இருக்கிற கோடு நிலத்தில் எங்கே விழுகிறது என்பதை மட்டும்தான். அந்த முக்கால் சென்ட் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை, அது சிவில் கோர்ட்டு வேலை. தானே புயலுக்குப் பிறகு 12 வருஷம் தாண்டிவிட்டது, அனுபவத்தில் இருந்ததால் எங்களுக்கே என்று மேலண்டை வீட்டில் யாராவது கிளப்பலாம். 12 வருஷக் கணக்கு சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் மரம் விழுந்ததால் வளைந்த வேலிக்குள் இருந்தேன் என்பது போதாது. இது உன்னுடையது அல்ல, என்னுடையது என்று உரியவருக்கு எதிராக, அவருக்குத் தெரிய, வெளிப்படையாக அனுபவித்ததை நிரூபிக்க வேண்டும். முக்கால் சென்ட்டுக்கு அந்த வழக்கை நடத்தினால், கோர்ட்டு ஒரு வக்கீல் கமிஷனரை அனுப்பும், அவரும் ஒரு நில அளவரைக் கூட்டிக்கொண்டு இதே புதருக்கு வந்து இதே கல்லில் நாடாவை வைப்பார். செலவை மட்டும் இவர்கள் கொடுப்பார்கள்.

சமாதானமாக வேலியை இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தால், அதுவும் அவர்கள் இஷ்டம். ஆனால் மண்டபத்தில் எழுதி வாங்கின முச்சலிக்கையால் நிலம் கைமாறாது. பதிவு அலுவலகத்தில் பத்திரம் போட்டு, உட்பிரிவு செய்து, படத்தில் புதுக்கோடு ஏற வேண்டும். இல்லாவிட்டால் இன்றைக்குக் கை குலுக்குகிற இவர்களின் பேரப்பிள்ளைகள் அதே படத்தை எடுத்துக்கொண்டு அதே மண்டபத்துக்கு வருவார்கள். அப்போது பேசித் தீர்க்க நாமும் இருக்க மாட்டோம், அளந்து காட்ட நானும் இருக்க மாட்டேன்.

சாலைக்குப் போன இரண்டரை சென்ட்டுக்கு மேலண்டைக்காரர் கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு. அளவைத் தாளில் வடமேற்கு மூலை சாலைத் திட்டில் விழுகிறது என்று எழுத்தில் வந்தால்தான் அவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவே வாய் இருக்கும். அந்த மனுவை எழுத நான் உதவுகிறேன் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு காபி கொடுத்தார்.

உங்களிடம் கேட்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை அடித்த முளைகளைப் பிடுங்கச் சொல்லுங்கள். வடமேற்கிலும் நடுவிலும் காணாமல் போன கற்களை அரசு அளவர் காட்டுகிற இடத்தில் இரண்டு வீட்டார் செலவிலேயே நடச் சொல்லுங்கள். 1923-ஆம் வருஷத்து நில அளவை, எல்லைகள் சட்டமும் கல்லைப் பராமரிக்கிற பொறுப்பை நிலத்துக்காரர் தலையில்தான் வைத்திருக்கிறது. அதுவரைக்கும் பழைய வேலி இருந்த இடத்தில் இருக்கட்டும். கிளுவையை வெட்ட வருகிற ஆட்களிடம் மட்டும் தென்மேற்கு மூலையில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவர்,
வடக்குத் தெரு.